பாமசியின் மாத மடல்: மன்னாருக்குப் பயன்படுவது எது?

மருந்துக் கடை ஒன்று மாதம்தோறும் தன் வாடிக்கையாளர் கையில் ஒரு தாளைக் கொடுக்கத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தாளில் பெரும்பாலும் என்ன வரும் என்பதைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். புதிதாக வந்த விற்றமின் குளிசை, முகத்துக்குப் பூசும் கிறீம், பெருநாளை முன்னிட்டு விலைக்கழிவு, அடியில் கடையின் தொலைபேசி இலக்கம். வாங்கியவர் ஓட்டோவில் ஏறுவதற்குள் அது கசங்கிப் பையின் அடிக்குப் போய்விடும். அதே கடையின் மேசை ஓரத்தில் ஒரு காலைப்பொழுது நின்று கேட்டால் சனங்களுக்கு என்ன தேவை என்பது தெரிந்துவிடும். “தம்பி, இது சாப்பாட்டுக்கு முன்னமோ பின்னமோ?” “ஆஸ்பத்திரியில தந்ததும் இதுவும் ஒண்டோ?” “நோன்பு வருது, சீனிக் குளிசையை எப்ப போடுறது?” “காய்ச்சல் விட்டுட்டுது, இனி ரத்தம் சோதிக்கத் தேவையில்லைத்தானே?” விற்பனைத் தாளுக்கு இந்தக் கேள்விகள் தெரியாது. பயன்படும் மடல் இவற்றிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

இப்போது இந்தக் கேள்விகளுக்கான பதில் எங்கே இருக்கிறது? மருந்தாளர் குளிசையை எண்ணிப் போட்டுத் தரும் அந்தச் சின்னக் காகித உறையில் “காலை 1, இரவு 1” என்று பேனையால் எழுதியிருப்பார். மிச்சம் எல்லாம் வாய்ச்சொல்தான். பின்னால் இன்னும் நாலு பேர் துண்டை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். சொன்னதில் பாதி கேட்கும், அதில் பாதி வீடு வரை போகும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் விளக்கத் தாளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில், கண்ணாடி போட்டாலும் வாசிக்க முடியாத எழுத்தில் இருக்கும்.

மன்னாரில் இந்த இடைவெளி இன்னும் அகலமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. நீண்டகால வருத்தக்காரர் பலர் மருந்தை அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் இலவசமாகப் பெறுகிறார்கள். அங்கே ஒரு மருந்து இல்லாத மாதத்தில் துண்டு எழுதித் தருவார்கள், வெளியில் வாங்க வேண்டும். ஆகவே ஒரே ஆளின் வீட்டில் இரண்டு வழியாக மருந்து சேர்கிறது. வைத்தியசாலைக் குளிசை மருந்தின் பொதுப்பெயரில் வரும், கடைக் குளிசை கம்பனிப் பெயரில் வரும், நிறமும் வடிவமும் வேறாக இருக்கும். இரண்டும் ஒரே பிரஷர் மருந்து என்று அறியாமல் இரண்டையும் சேர்த்துப் போட்டு, எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுகிற ஆபத்து இங்கே கற்பனை அல்ல. தூரமும் இருக்கிறது. தலைமன்னாரில் இருப்பவரும் சிலாவத்துறையில் இருப்பவரும் மறந்துபோன ஒரு கேள்விக்காகத் திரும்ப நகரத்துக்கு வருவதென்றால் அரை நாள் உழைப்புப் போய்விடும். கேள்வியைக் கேட்காமலே இருந்துவிடுவார்கள்.

மருந்தைப் பற்றி, விற்கும் நோக்கம் இல்லாத தகவலை அச்சிட்டுக் கொடுப்பது இலங்கைக்குப் புதிதல்ல. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே (1920–1977) வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டிய விடயங்களில் ஒன்று அது. வைத்தியருக்குப் புது மருந்தைப் பற்றிச் சொல்ல வருபவர் அதை விற்கும் கம்பனியின் ஆளாகவே இருந்தால், நாடு ஒரே மருந்தைப் பல பெயர்களில், பல விலைகளில் வாங்கிக்கொண்டே இருக்கும் என்பதை அவர் கண்டார். 1971இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர்தான். மருந்துகளைப் பொதுப்பெயரில் மொத்தமாகக் கேள்விப்பத்திரம் கோரி வாங்குவது அந்தக் கூட்டுத்தாபனத்தின் வழி. ‘ஒசுசல’ என்று நாம் அறிந்த மருந்துக் கடைகளும் அதற்குச் சொந்தமானவை. அந்தக் கூட்டுத்தாபனம் கொழும்புப் பல்கலைக்கழக மருந்தியல் துறையோடு சேர்ந்து வெளியிடும் ‘ஸ்ரீலங்கா பிரிஸ்கிரைபர்’ என்ற சிற்றேடு, கம்பனிக்காரர் சொல்வதற்கு மாற்றாக, எந்த வருத்தத்துக்கு எந்த மருந்து, எப்போது வேண்டாம் என்பதை வைத்தியருக்கு எழுதுகிறது. மன்னார்ப் பாமசி மடலுக்கு இதைவிட நெருக்கமான மூதாதை நம்மிடம் இல்லை. ஆனால் அதன் வாசகர் வைத்தியர், அதன் மொழி ஆங்கிலம். பேசாலையில் பேரப்பிள்ளைக்குப் பாணி மருந்து ஊற்றும் அம்மம்மாவுக்கு அது எழுதப்பட்டதல்ல.

வாடிக்கையாளருக்கென்றே எழுதப்பட்ட ஏட்டைத் தேடினால் ஜேர்மனிக்குப் போக வேண்டும். ‘அப்போதேக்கன் உம்ஷாவ்’ என்ற சஞ்சிகை 1956 முதல் அங்கே மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அங்கே குடியேறிய நம்மவர் பலரின் வீட்டு மேசையிலும் அது கிடந்திருக்கும். பிரதிகளைக் கடைக்காரர் பதிப்பகத்திடம் காசு கொடுத்து வாங்கி, தன் கடைக்கு வருபவருக்குச் சும்மா கொடுக்கிறார். பெரிய எழுத்து, படம், முதியவர் பொறுமையாக வாசிக்கக்கூடிய நடை. மருந்துக் கடைத் தாளைச் சனங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிப்பார்கள் என்பதற்கு இத்தனை ஆண்டு வாழ்ந்த அந்தச் சஞ்சிகையே சாட்சி. குறை என்னவென்றால், துண்டில்லாமல் வாங்கக்கூடிய மருந்துகளின் விளம்பரங்கள் அதன் பக்கங்களுக்கிடையே நிறைந்திருக்கும். இருமலைப் பற்றிய கட்டுரைக்குப் பக்கத்தில் இருமல் பாணி விளம்பரம் வந்தால், வாசிப்பவருக்கு எது அறிவுரை, எது விற்பனை என்று பிரித்துப் பார்ப்பது கடினம்.

ஆக, கொழும்பு ஏட்டிடமிருந்து கம்பனிக் காசு இல்லாத நேர்மையையும், ஜேர்மன் ஏட்டிடமிருந்து சாதாரண வாசகரையும் எடுத்துக்கொள்வதே மன்னார் மடலுக்குச் சரியான வழி என்பது என் முடிவு. இதில் காசு விடயம் முதலில் தீர வேண்டும். ஓர் ஏ4 தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம் கிடைக்கும். கறுப்பு மையில் அச்சிட்டால் போதும். அந்தச் செலவைக் கடையே ஏற்க வேண்டும். வண்ணத்தில் இலவசமாக அச்சிட்டுத் தருகிறோம், ஒரு மூலையில் எங்கள் பெயரை மட்டும் போடுங்கள் என்று கம்பனிப் பிரதிநிதி கேட்பார். வேண்டாம் என்பதற்கு நடைமுறைக் காரணம் இருக்கிறது. அடுத்து நான் விரித்துச் சொல்லப்போகும் கார்த்திகை மாத மடலின் மையச் செய்தியே, கடையில் நன்றாக விற்கும் சில மருந்துகளைக் காய்ச்சல் நேரத்தில் வாங்காதீர்கள் என்பதுதான். அந்த மருந்தைத் தயாரிப்பவர் காசில் அந்த வரியை எழுத முடியாது. அவர் தடுக்க மாட்டார், எழுதுகிற கைதான் தானாகவே மென்மையாக எழுதும். சட்டமும் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் மருந்தை விளம்பரம் செய்யக்கூடாது. கம்பனிப் பெயரைச் சொல்லிப் புகழ்ந்தால் மடல் விளம்பரமாகிவிடும். பொதுப்பெயர் மட்டுமே எழுதுவதென்று வைத்துக்கொண்டால் அந்தச் சிக்கல் எழாது, ஒரே மருந்தை இரண்டு தரம் போடும் ஆபத்தும் குறையும்.

அடுத்தது காலம். பயனுள்ள தகவல் பிந்தி வந்தால் பயனற்றது. இதற்கு நோன்பை விடத் தெளிவான உதாரணம் இல்லை. எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் முசலிப் பக்கத்திலும் சலரோகத்துக்குக் குளிசை எடுக்கும் பலர் நோன்பு பிடிப்பவர்கள். மெட்போமின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி அளவு திடீரென விழும் ஆபத்துக் குறைவு. கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுப்பவருக்கும் இன்சுலின் போடுபவருக்கும் அஸருக்குப் பிறகு, நோன்பு திறப்பதற்கு முந்திய மணித்தியாலங்களில் சீனி விழக்கூடும். வியர்வை, கை நடுக்கம், தலை மந்தம் வரும். அளவையும் நேரத்தையும் வைத்தியர்தான் மாற்ற வேண்டும். நோன்புக்கு 6 முதல் 8 வாரத்துக்கு முன்பே வைத்தியரைக் காண வேண்டும் என்பது உலகளாவிய சலரோக வழிகாட்டல். கிளினிக் திகதியோ மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். 2026இல் நோன்பு பெப்ரவரி மூன்றாம் வாரத்தில். அப்படியானால் மடல் டிசம்பரிலேயே கைக்குப் போயிருக்க வேண்டும். நோன்பு வாழ்த்தோடு பெப்ரவரியில் வரும் மடல் அழகாக இருக்கலாம், ஆனால் அதை வாசித்தவருக்கு வைத்தியரைக் காண ஒரு கிளினிக் நாளும் மிச்சம் இருக்காது. அந்த டிசம்பர் மடலின் முக்கிய வரி இப்படி இருக்கலாம்: “அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது, நான் நோன்பு பிடிக்கப் போகிறேன் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.” சீனி 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே போனாலும் நோன்பை விட வேண்டும் என்பதும் அதில் வேண்டும். விரலில் குத்திச் சோதித்தால் நோன்பு முறியுமா என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்கு மருந்தாளர் பதில் எழுதக்கூடாது. ஊர்ப் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னதாகவே அச்சிட வேண்டும்.

இதே கணக்கில் மடுத் திருவிழாவுக்கான தகவல் ஓகஸ்ட் 15க்கு முன், ஜூலை மடலிலேயே வர வேண்டும். பல நாள் கூடாரத்தில் தங்கப் போகிறவர் இன்சுலினை எப்படிக் கொண்டுபோவது என்பதை அதில் சொல்லலாம். மன்னாரில் ஐஸ் கிடைப்பது கஷ்டமில்லை, மீன் பெட்டிக்குப் போடும் ஐஸ் எங்கும் உண்டு. அதுவே இங்கே சிக்கல். ஐஸோடு முட்ட வைத்த இன்சுலின் உறைந்துவிட்டால், பிறகு இளகிப் பார்வைக்குச் சரியாக இருந்தாலும் அதைப் போடக்கூடாது. துணியில் சுற்றி, ஐஸில் படாமல் வைக்க வேண்டும். கடற்தொழிலாளருக்கான மாதத்தில் திருக்கை முள் குத்தினால் என்ன செய்வதென்று ஒரு பக்கம் போதும். குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 பாகை வெந்நீரில் அரை மணிக்கு மேல் வைத்தால் வலி இறங்கும். சூட்டை மற்றக் கையால் பார்க்க வேண்டும், ஏனென்றால் குத்திய கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம் என்பதால் அதன் பிறகு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். முள் குத்தியது வயிறு, நெஞ்சு, கழுத்து என்றால் வெந்நீருக்கு நிற்காமல் உடனே போக வேண்டும்.

இனி ஒரு மடலை முழுதாக எடுத்துப் பார்ப்போம். வாடைக் காற்றோடு மழை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் மன்னாரில் நுளம்பு பெருகும், காய்ச்சல் வரும். டெங்கு என்றால் இந்த நாட்டுக்கு விளையாட்டல்ல. 2017இல் இலங்கை முழுவதும் 186,101 பேர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். கார்த்திகை மடல் டெங்குக்கென்றே இருக்க வேண்டும். ஆனால் டெங்குவைப் பற்றி எல்லாவற்றையும் எழுதினால் யாரும் வாசிக்க மாட்டார்கள். சிரட்டையைக் கவிழுங்கள், தொட்டியை மூடுங்கள் என்பதைச் சுகாதாரப் பரிசோதகரும் பாடசாலையும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். மருந்துக் கடை மேசையில் மட்டுமே சொல்லக்கூடியது எது? காய்ச்சலுக்கு எந்த மருந்து, எவ்வளவு, எது வேண்டாம் என்பது.

மடலின் முதற்பக்கம் பராசிற்றமோல் அளவு. பிள்ளைகளுக்கு அளவு வயதால் அல்ல, நிறையால் வருகிறது. ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் இல்லை. 12 கிலோ நிறையுள்ள பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 12ஐ 15ஆல் பெருக்கினால் 180 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் பாணிப் போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்று இருந்தால் அந்தப் பிள்ளைக்கு 7.5 மில்லிலீற்றர். அதே பராசிற்றமோல் 5 மில்லிலீற்றருக்கு 250 மில்லிகிராம் என்றும் வருகிறது. அந்தப் போத்தலில் 7.5 மில்லிலீற்றர் ஊற்றினால் 375 மில்லிகிராம் போகும், வேண்டியதற்கு இரண்டு மடங்குக்கு மேல். போன மாதம் வாங்கிய போத்தலும் இந்த மாதம் வாங்கியதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வீட்டில் தவறு நடப்பது இங்கேதான். ஆகவே மடல் வயது அட்டவணை போடாமல் வாசகரைப் போத்தலைப் பார்க்கச் சொல்ல வேண்டும்: “போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்று இருக்கிறது? 120 என்றால் இந்த வரி. 250 என்றால் கீழே உள்ள வரி.” இரண்டு வரிகளிலும் 8, 10, 12, 15, 20 கிலோ என்ற நிறைகளுக்கு அளவு போட்டுவிட்டால் தாய்க்குப் பெருக்கல் வேலை இல்லை. நிறை எங்கே இருக்கும்? குடும்ப சுகாதார உத்தியோகத்தர் நிறுத்து எழுதிய கிளினிக் அட்டையில். வீட்டுக் கரண்டி வீட்டுக்கு வீடு வேறுபடும் என்பதால் போத்தலோடு வரும் மூடிக் கிண்ணத்தில் அல்லது ஊசி இல்லாத சிரிஞ்சில்தான் அளக்க வேண்டும். அந்தச் சிரிஞ்சைக் கடை சும்மா கொடுத்தால் மடலின் பயன் இரட்டிக்கும் என்று நினைக்கிறேன்.

வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் எட்டுக் குளிசைக்கு மேல் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கும் ஈரல் வருத்தம் உள்ளவருக்கும் இதைவிடக் குறைவாகவே வேண்டும், அதைக் கேட்டுத்தான் போட வேண்டும். தடிமனுக்கு விற்கும் கலப்புக் குளிசைகளுக்குள்ளும் பராசிற்றமோல் இருக்கிறது. பனடோலும் அதுவும் சேர்ந்தால் கணக்குத் தவறும்.

இரண்டாம் பக்கம் வேண்டாதவை. இபுபுரொபன், டைக்குளோபெனக், மெபனமிக் அசிட் ஆகிய மூன்றும் வலிக்கும் காய்ச்சலுக்கும் வேகமாக வேலை செய்வதால் சனங்களுக்குப் பிடித்தவை. டெங்குவில் இரத்தத் தட்டுக்கள் ஏற்கெனவே குறைந்துகொண்டிருக்கும். இந்த மருந்துகள் தட்டுக்களின் வேலையையும் கெடுத்து இரைப்பையையும் புண்ணாக்குவதால் இரத்தக் கசிவுக்கு வழி திறக்கும். காய்ச்சல் இறங்காத இரவில் தகப்பன் ஒருவர் கடைக்கு ஓடி வந்து, “தம்பி, அந்தப் பின்பக்கம் வைக்கிற மருந்து ஒண்டு தாங்கோ, போன முறை அதில உடனே இறங்கினது” என்று கேட்பார். டைக்குளோபெனக்கைத்தான் கேட்கிறார். அந்த நேரத்தில் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று இல்லை என்று சொல்வது கடினம். முன்கூட்டியே வீட்டுக்குப் போன தாளில் அது எழுதியிருந்தால் மருந்தாளர் அந்த வரியைக் காட்டி, ஈரத் துணியால் உடம்பைத் துடைக்கச் சொல்லி, பராசிற்றமோலின் அடுத்த நேரத்தைக் குறித்துக் கொடுத்து அனுப்பலாம்.

இந்தப் பக்கத்தில் ஒரு வாக்கியம் எவ்வளவு கவனமாக எழுதப்பட வேண்டும் என்பதைக் காட்ட அஸ்பிரினை எடுத்துக்கொள்கிறேன். அஸ்பிரினும் டெங்குவில் ஆகாது. அதனால் முதல் வரைவில் “கார்த்திகை, மார்கழியில் அஸ்பிரின் எடுக்க வேண்டாம்” என்று எழுதத் தோன்றும். மாரடைப்பு வந்து தினமும் சிறிய அளவு அஸ்பிரின் எடுக்கும் ஐயா ஒருவர் இதை வாசித்தால் காய்ச்சலே இல்லாமல் இரண்டு மாதம் நிறுத்திவிடுவார், அது அவர் உயிரோடு விளையாடுவது. வாக்கியம் இப்படி மாற வேண்டும்: “காய்ச்சலுக்கோ தலையிடிக்கோ அஸ்பிரின் வாங்காதீர்கள். இதயத்துக்காகத் தினமும் அஸ்பிரின் எடுப்பவர் அதைத் தொடருங்கள். அவருக்குக் காய்ச்சல் வந்தால் தானாக நிறுத்தாமல் அன்றே வைத்தியரைக் கேளுங்கள்.” மருந்து மடலில் வரும் ஒவ்வொரு ‘வேண்டாம்’ வரியையும், அதைத் தவறாகத் தனக்கென்று எடுத்துக்கொள்ளக்கூடியவர் யார் என்று ஒருமுறை தேடிப் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு செய்திதான், அதுவும் சனங்களின் நம்பிக்கைக்கு எதிரானது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரம். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது அப்போதுதான் தொடங்கி ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று தாய் கடலுக்குப் போன தகப்பனுக்குச் சொல்லி ஆறுதல்படும் நாளில் வயிற்றுக் குத்து, நிற்காத சத்தி, கை கால் குளிர்தல், ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாமை, முரசில் இரத்தம், அசந்து கிடத்தல் இவற்றில் ஏதாவது வந்தால் உடனே வைத்தியசாலை. காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், காய்ச்சல் நின்றாலும். குடிக்க ஜீவனி, கஞ்சி, இளநீர், பால் கொடுக்கலாம். சிவப்பு, கபில நிறப் பானங்கள் வேண்டாம், ஏனென்றால் சத்தி எடுத்தால் அது இரத்தமா பானமா என்று வைத்தியரால் பிரிக்க முடியாது. பப்பாசி இலைச் சாற்றைப் பற்றி யாராவது கேட்பார்கள். அது தட்டுக்களைக் கூட்டினாலும் கூட்டாவிட்டாலும் நீர்க் கசிவை நிறுத்தாது, பரிசோதனையைத் தள்ளிப்போட அது காரணமாகக்கூடாது என்று நேராக எழுதிவிடலாம்.

மன்னாருக்கென்று இதில் இன்னொரு வரி வேண்டும். இலங்கையை மலேரியா இல்லாத நாடாக உலக சுகாதார ஸ்தாபனம் 2016 செப்டெம்பரில் அறிவித்தது. அந்த ஆண்டின் முடிவிலேயே, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற நுளம்பு மன்னார்த் தீவின் கிணறுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. நோய்க்கிருமி இங்கே இல்லை, அதைச் சுமக்கக்கூடிய நுளம்பு வந்துவிட்டது. கிருமி வருவது பயணம் போய் வருபவர் உடம்பில்தான். ஆகவே “அண்மையில் இந்தியாவுக்கோ ஆப்பிரிக்க நாட்டுக்கோ போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால், போய் வந்ததை வைத்தியரிடம் சொல்லி மலேரியாவுக்கும் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள்” என்ற வரி மற்ற மாவட்ட மடலுக்கு விருப்பமானால் போதும், மன்னார் மடலுக்குக் கட்டாயம்.

மொழியில் ஒரே நிபந்தனைதான், மேசையில் பேசும் சொல்லே தாளிலும் வர வேண்டும். குளிசையை மாத்திரை என்றும் சத்தியை வாந்தி என்றும் சலத்தைச் சிறுநீர் என்றும் எழுதினால் விளங்காமல் போகாது, ஆனால் பாடப்புத்தகம் பேசுவதுபோல் இருக்கும், வாசிப்பவர் விலகிவிடுவார். எழுத்து பெரிதாக, வரிகளுக்கிடையே இடம் விட்டு இருக்க வேண்டும், வீட்டில் மருந்தைக் கவனிப்பவர் பெரும்பாலும் கண் மங்கத் தொடங்கிய வயதினர். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புவதும் நல்லதே, வெளிநாட்டிலிருக்கும் மகள் அதை வாசித்துத் தாய்க்குச் சொல்வாள். ஆனால் பிரஷர் வருத்தக்காரர், சீனி வருத்தக்காரர் என்று பிரித்துக் குழு தொடங்கக்கூடாது. அந்தக் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் மற்றவரின் வருத்தமும் இலக்கமும் தெரிந்துவிடும். சின்ன ஊரில் அது கல்யாணப் பேச்சு வரைக்கும் போகும். எல்லோருக்கும் ஒரே மடல், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புவதே சரி. உடல்நலத் தகவலைத் தனியான கவனத்தோடு கையாள வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நிலைப்பாடும்கூட.

மடல் வேலை செய்கிறதா என்பதை எத்தனை பிரதி போனது என்று எண்ணி அறிய முடியாது. அச்சிடுவதற்கு முன்பே ஒரு சோதனை இருக்கிறது. வரைவைக் கடைக்கு வந்த ஒரு தாயிடம் கொடுத்து, ஒரு போத்தலையும் கொடுத்து, “அக்கா, உங்கட பிள்ளைக்கு எவ்வளவு எண்டு இதைப் பார்த்து அளந்து காட்டுங்கோ” என்று கேட்க வேண்டும். விளங்கியதா என்று கேட்டால் எல்லோரும் விளங்கியது என்பார்கள், அளந்து காட்டினால்தான் உண்மை தெரியும். அவர் 120 வரிக்குப் பதிலாக 250 வரியைப் பார்த்தால் குறை தாளில் இருக்கிறது, அவரிடம் அல்ல. வரிகளைத் தள்ளிப் போட்டு, எண்ணைப் பெரிதாக்கி, இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும். மடல் போன பிறகு மேசைக்கு அடியில் ஒரு கொப்பி போதும். டைக்குளோபெனக் கேட்டு வந்து, மடலைப் பற்றிச் சொன்னதும் விட்டுப் போனவர், சிரிஞ்ச் கேட்டு வந்தவர், மூன்றாம் நாள் இரத்தம் சோதிக்கப் போவதாகச் சொன்னவர் என்று ஒவ்வொரு கோடு. மாத முடிவில் அந்தக் கோடுகள் வெறுமையாக இருந்தால் மடல் வாசிக்கப்படவில்லை. மாவட்டவாரியாக டெங்கு எண்ணிக்கையைச் சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு தன் வாராந்த அறிக்கையில் வெளியிடுகிறது. அதில் மன்னார் வரியைப் பார்த்து அடுத்த மடலில் ஒரு வாக்கியம் போடலாம், ஆனால் ஒரு கடைத் தாளால் அந்த எண் கூடியது, குறைந்தது என்று யாரும் சொல்ல முடியாது. மடலின் எல்லை அது. நோயைக் கண்டுபிடிப்பதும் அதன் வேலை அல்ல. காய்ச்சல் வீட்டுக்கு வரும்போது கையில் தவறான போத்தல் இல்லாமல் பார்த்துக்கொள்வதும், வைத்தியரைக் காணும் நாளைத் தள்ளிப்போடாமல் பார்த்துக்கொள்வதும் அதன் வேலை. பிழை வந்தால் அடுத்த மடலின் முதற்பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வர வேண்டும். அளவில் பிழை என்றால் அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் அன்றே கடை வாசலில் ஒட்டி, இலக்கம் தெரிந்த எல்லோருக்கும் செய்தி அனுப்ப வேண்டும்.

நாலாம் பக்கம் மாதம் மாறினாலும் மாறாத பக்கம். அதில் கட்டுரை இல்லை, கோடிட்ட வெற்று அட்டவணை: வீட்டில் ஒருவர் எடுக்கும் மருந்தின் பொதுப்பெயர், மில்லிகிராம், காலை, பகல், இரவு, கிளினிக்கில் பெற்றதா வெளியில் வாங்கியதா. முதல் தடவை வரும்போது வைத்தியசாலைக் குளிசை அட்டைகளையும் கடைக் குளிசை அட்டைகளையும் எடுத்துவரச் சொல்லி மருந்தாளரே அதை நிரப்பிக் கொடுக்க வேண்டும். நிரப்பும்போதே ஒரே பொதுப்பெயர் இரண்டு வரியில் வந்தால் இரட்டை மருந்து பிடிபடும், அந்த இடத்திலேயே வைத்தியருக்கு ஒரு குறிப்பு எழுதிக் கையில் கொடுக்கலாம். அந்தப் பக்கத்தை வெட்டிக் கிளினிக் கொப்பிக்குள் வைக்கக்கூடியதாக அதன் அளவு இருக்க வேண்டும். ஒவ்வாத மருந்து என்ன என்ற வரி அட்டவணைக்கு மேலே, தடித்த எழுத்தில்.